தேங்காய் எங்கே போனது?

ஒரு மசால் தோசைக்கு என்ன அடக்கம் என்று டிபன் ஹோட்டல் முதலாளியைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு “20 ரூபாய்” என்பார். 80 ரூபாய்க்கு விற்கிறார். கால் பங்குதான் சரக்குச் செலவு. ஆனால் மாதக் கடைசியில் கல்லாவில் அந்தக் கணக்கு தெரியாது. ஏன் தெரியவில்லை என்று பார்க்கத்தான் சரக்குச் செலவு விகித அறிக்கை போடுகிறார்கள். அதற்கு மூன்று தாள்கள் போதும்: எந்தப் பண்டத்துக்கு எவ்வளவு சரக்கு என்ற அளவுக் குறிப்பு, கொள்முதல் பில், தினமும் எத்தனை பிளேட் விற்றது என்ற எண்ணிக்கை.

கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். 4 கிலோ இட்லி அரிசி, 1 கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம், உப்பு. எல்லாம் சேர்ந்து 324 ரூபாய். அரைத்தால் 12 கிலோ மாவு, அதாவது கிலோ 27 ரூபாய். தோசைக்கு 150 கிராம் மாவு என்றால் 4 ரூபாய். உருளைக்கிழங்கு மசாலாவுக்கு 5, எண்ணெய்க்கு ஒன்றரை, சாம்பாருக்கு 4, தேங்காய்ச் சட்னிக்கு 5. மொத்தம் 19.50. முதலாளி சொன்னது ஏறக்குறைய சரிதான். விலை 80 என்றால் 24.4 சதவீதம். இந்த 80 ஜி.எஸ்.டி. சேர்க்காத விலையாக இருக்க வேண்டும். வரி நம் வருமானம் இல்லையே.

இங்கேயே சில இடங்களில் கால் வழுக்கும். கிலோ 40 ரூபாய் வெங்காயத்தை உரித்து நறுக்கினால் 850 கிராம்தான் மிஞ்சும். சட்டியில் விழும் வெங்காயத்தின் விலை 47 ரூபாய். எண்ணெய் டின் 15 கிலோ என்று பில்லில் இருக்கும், மாஸ்டர் லிட்டரில் சொல்வார். 15 கிலோ என்பது சுமார் பதினாறரை லிட்டர். இரண்டையும் ஒன்றாக எழுதினால் பத்தில் ஒரு பங்கு கணக்கு பிசகும். விலையையும் ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடக் கூடாது. 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, பழைய விலையில் சாம்பார் கணக்கு வைத்திருந்தவருக்கு அது வெறும் காகிதம்.

இனி ஒரு வாரம். ஒவ்வொரு பண்டத்தின் அடக்கத்தையும் விற்ற எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் 29,990 ரூபாய் வருகிறது. விற்பனை 1,05,600. விகிதம் 28.4. இது “ஆகியிருக்க வேண்டிய” செலவு. உண்மையில் ஆனது என்ன? வாரத் தொடக்கத்தில் ஸ்டோரில் 18,000 ரூபாய் சரக்கு, வாங்கியது 36,500, கடைசியில் மிச்சம் 19,200. ஆக, கரைந்தது 35,300. விகிதம் 33.4. நடுவில் 5,310 ரூபாயைக் காணோம்.

பெரும்பாலான கடைகளில் இந்த இடத்தில்தான் சண்டை தொடங்கும். முதலாளி மாஸ்டரைப் பார்ப்பார், மாஸ்டர் சப்ளையரைப் பார்ப்பார். மொத்தத் தொகையை வைத்துக்கொண்டு யாரையும் சந்தேகப்படக் கூடாது என்பது என் கட்சி. சரக்கு சரக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் தேங்காயில் விஷயம் இருக்கிறது. பிளேட்டுக்கு 60 கிராம் சட்னி, ஒரு தேங்காய்க்கு 10 பிளேட் என்பது குறிப்பு. தோசை, இட்லி, பொங்கல் எல்லாம் சேர்த்து 1,220 பிளேட் விற்றிருக்கிறது. 122 தேங்காய் போதும். செலவானதோ 190. தேங்காய் 40 ரூபாய் என்றால் கூடுதலாகப் போனது 2,720 ரூபாய், காணாமல் போனதில் பாதிக்குமேல்.

இந்த அளவு தேங்காயைப் பையில் போட்டு யாரும் தூக்கிப்போகவில்லை. ஒருநாள் காலை மேசைப் பக்கம் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். “அண்ணே, கொஞ்சம் சட்னி” என்று கேட்காத வாடிக்கையாளர் உண்டா? வாளியோடு வரும் தம்பி தாராளமாக ஊற்றுவார். பிளேட்டுக்குப் போவது 60 கிராம் இல்லை, 90க்கும் மேல். தப்பு மாஸ்டர் மேல் இல்லை, குறிப்பில். இரண்டாவது கரண்டியை யாரும் அதில் எழுதவே இல்லை.

குறிப்பைத் திருத்தினால் ஒரு தேங்காய்க்கு ஆறரை பிளேட்கூட வராது. சட்னி 7.75 ஆகிறது, தோசையின் அடக்கம் 22.25, விகிதம் 27.8. மிச்சமுள்ள 2,590 ரூபாயில் வேலையாட்கள் சாப்பாடும் மாலையில் புளித்துப்போய்க் கொட்டிய மாவும் இருக்கும். அவற்றை ஒரு நோட்டில் தனியாக எழுதி, அதற்குப் பிறகும் தொகை இடித்தால் அப்போது ஸ்டோர் சாவியைப் பற்றிப் பேசலாம்.

இருப்பு எடுப்பதை மட்டும் நேரம் மாற்றாமல் செய்யுங்கள்: கடைசி வாடிக்கையாளர் போன பிறகு, விடிகாலைப் பால் வண்டி வருவதற்குள்.