ரிஜெக்ட் ஆல் போட்டா பழசு அப்படியே வரணும்

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு: "வக்கீல் எழுதின காண்ட்ராக்ட்டைப் படிச்சு, தப்பு திருத்தித் திருப்பி அனுப்பச் சொல்றாங்க. வேர்டுல எப்படிச் செய்யறது?" இதை நான் ஒரு தடவை சொதப்பியிருக்கேன். அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் நண்பன் ஒருத்தன் சின்னதா ஒரு டிசைன் ஸ்டூடியோ நடத்துறான். ஒரு கிளையண்டுக்கு ஆப் பண்ணிக் கொடுக்க 14 பக்க ஒப்பந்தம். எழுதினது அவனோட வக்கீல். "நீ கோட் ரிவ்யூல புள்ளி, கமா கூட விடமாட்டியே, இதையும் ஒரு தடவை பாத்துடுடா"ன்னான். வக்கீல் மேடமும் சரின்னு ஃபைலை அனுப்பினாங்க. நான் ஒரு ராத்திரி உட்கார்ந்து நாற்பது, ஐம்பது இடத்துல திருத்திட்டு அனுப்பினேன். மறுநாள் போன் வந்தது.

"தம்பி, நீங்க கலர்ல போட்டதை நான் பார்த்துக்குவேன். கலர்ல இல்லாததை எப்படிப் பார்க்கறது?"

என்ன ஆச்சுன்னா, ஃபைல் முழுக்க ரெட்டை ஸ்பேஸ் இருந்தது. ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டா பக்கமெல்லாம் சிவப்பாயிடும்னு டிராக்கிங்கை ஆஃப் பண்ணினேன். ஸ்பேஸை எடுத்தேன். திரும்ப ஆன் பண்ண மறந்துட்டு ரெண்டு பக்கம் திருத்திட்டேன். அதுல ஆறாவது பிரிவுல `Services`ங்கற வார்த்தையோட பெரிய எழுத்தை ரெண்டு இடத்துல சின்ன எழுத்தா மாத்தியிருந்தேன். வாக்கியத்துக்கு நடுவுல எதுக்குப் பெரிய எழுத்துன்னு நினைச்சேன்.

காண்ட்ராக்ட்டுல பெரிய எழுத்து அலங்காரத்துக்கு இல்லை. முதல் பிரிவுல `Services`னா டிசைன், கட்டுமானம், 90 நாள் சப்போர்ட், இந்த மூணு மட்டும்தான்னு விளக்கம் கொடுத்திருந்தாங்க. ஆறாவது பிரிவு, அந்த வேலை முடியற வரைக்கும் கிளையண்ட் கடைசித் தவணையை நிறுத்தி வைக்கலாம்னு சொல்லுது. சின்ன எழுத்தாயிட்டா அது அந்த மூணோட நிக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. "இன்னும் இது பாக்கி இருக்கே"ன்னு கிளையண்ட் வாதாட வழி கிடைச்சிடும். நண்பனோட கடைசித் தவணை 2 லட்சம் ரூபாய். மேடம் தன் பழைய ஃபைலோட ஒப்பிட்டுப் பார்த்ததால பிழைச்சோம். ஆனா அதுக்கப்புறம் அவங்களுக்கு என் ஃபைல்மேல நம்பிக்கை போயிடுச்சு. 14 பக்கத்தையும் வரி வரியா மறுபடி படிச்சாங்க. கையெழுத்து ஒரு வாரம் தள்ளிப்போச்சு.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

வந்த ஃபைலைத் தொடாம ஒரு இடத்துல வைங்க. அதோட நகல்லதான் வேலை. `Review` டேபுல `Track Changes` ஆன் பண்ணுங்க, ஷார்ட்கட் `Ctrl+Shift+E`. புது வேர்டுல அதுக்குக் கீழ `For Everyone`, `Just Mine`னு ரெண்டு இருக்கும். `Just Mine` வெச்சா உங்க திருத்தம் மட்டும்தான் பதிவாகும், அடுத்தவங்களோடது பதிவாகாது. அதனால `For Everyone`.

பக்கத்துல இருக்கற பெட்டியில `All Markup` தேர்ந்தெடுங்க. `No Markup` வெச்சா திருத்தங்கள் மறையும், அவ்வளவுதான். டிராக்கிங் ஓடுதா இல்லையாங்கறதுக்கும் இந்தப் பெட்டிக்கும் சம்பந்தம் கிடையாது. நிறைய பேர் குழம்பறது இங்கதான்.

என்னை மாதிரி கை சும்மா இருக்காத ஆளா இருந்தா `Lock Tracking` போட்டு ஒரு பாஸ்வேர்ட் கொடுத்துடுங்க. அதுக்கப்புறம் நீங்களே நினைச்சாலும் அதில்லாம ஆஃப் பண்ண முடியாது. ஆனா பூட்டு இருக்கற வரைக்கும் யாராலயும் திருத்தத்தை ஏத்துக்கவோ தள்ளவோ முடியாது. அனுப்பறதுக்கு முன்னாடி எடுத்துடணும்.

திருத்தமா, கமெண்ட்டா?

நான் இப்போ வெச்சிருக்கற விதி: அர்த்தம் மாறவே மாறாதுன்னு உறுதியா தெரிஞ்சா திருத்தம். துளி சந்தேகம் இருந்தாலும் வரியைத் தொடாம கமெண்ட். ஒரே வார்த்தை ரெண்டு தடவை வந்திருக்கு, ஸ்பெல்லிங் தப்பு, இதெல்லாம் திருத்தம். மத்ததெல்லாம் வக்கீலோட முடிவு.

அதே ஒப்பந்தத்துல பணம் கட்ட வேண்டிய கெடு, எழுத்துல முப்பது நாள்னும் அடைப்புக்குறிக்குள்ள 45னும் இருந்தது. செக்குல எண்ணும் எழுத்தும் முரண்பட்டா எழுத்துல இருக்கறதுதான் தொகைன்னு 1881-ம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தோட 18-வது பிரிவு சொல்லுது. அதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு 45-ஐ 30 ஆக்கிடலாம்னு கை துறுதுறுக்கும். ஆனா இது செக் இல்லை. கிளையண்டோட பேசி முடிச்சது 45 நாளாவே இருக்கலாம், முப்பதுங்கறது பழைய டெம்ப்ளேட்ல இருந்து ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாம். எது சரின்னு ஃபைலுக்குள்ள பதில் இல்லை. பதில் ஃபைலுக்குள்ள இல்லைன்னா அது கமெண்ட்.

கமாவும் இப்படித்தான். கனடாவுல ரோஜர்ஸ்னு ஒரு கேபிள் கம்பெனிக்கும் அலியன்ட்ங்கற கம்பெனிக்கும் கம்பங்களைப் பயன்படுத்திக்க ஒரு ஒப்பந்தம் இருந்தது. முதல்ல அஞ்சு வருஷம், அப்புறம் அஞ்சஞ்சு வருஷமா நீளும், ஒரு வருஷ நோட்டீஸ் கொடுத்து முறிச்சுக்கலாம். கேள்வி என்னன்னா, அந்த நோட்டீஸ் முதல் அஞ்சு வருஷத்துக்கும் பொருந்துமா? 2006-ல அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம், வாக்கியத்துல ஒரு கமா இருக்கற இடத்தை வெச்சு, பொருந்தும்னு சொல்லிடுச்சு. அடுத்த வருஷம் அதே ஒப்பந்தத்தோட பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்துட்டு அந்த முடிவை மாத்துச்சு. இலக்கணப்படி அழகா இருக்கேன்னு நீங்க போடற கமாவால ஒரு நிபந்தனை எங்க வரைக்கும் போகுதுங்கறதே மாறலாம். நிபந்தனை இருக்கற வரியில கமாவைத் தொடாதீங்க, கேளுங்க.

வக்கீலுக்கு உதவற கமெண்ட்

இடத்தைச் செலக்ட் பண்ணி `Ctrl+Alt+M`. முழுப் பத்தியைச் செலக்ட் பண்ணாதீங்க. சிக்கல் இருக்கற ரெண்டு வார்த்தையை மட்டும். கமெண்ட்டுல மூணு விஷயம் போதும்: என்ன பார்த்தேன், வேற எங்க இருக்கு, என்ன முடிவு வேணும்.

"இது குழப்பமா இருக்கு"ன்னு எழுதினா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது. நான் எழுதியிருக்க வேண்டியது இது: "எழுத்தில் முப்பது, எண்ணில் 45. பிரிவு 8.1-லும் 45 என்று இருக்கிறது. எது சரி?" இதுக்கு அவங்க ஒரே வார்த்தையில பதில் சொல்லிடலாம்.

ஒரே சிக்கல் பத்து இடத்துல வந்தா பத்து கமெண்ட் வேண்டாம். எங்க ஃபைல்ல ஒரே ஆளை சில இடத்துல `Client`னும் சில இடத்துல `Customer`னும் எழுதியிருந்தது. முதல் இடத்துல ஒரே கமெண்ட், மத்த இடங்களோட பிரிவு எண் அதுக்குள்ளயே. ரெட்டை ஸ்பேஸும் அப்படித்தான். திருத்தாம, "ஃபைல் முழுக்க இருக்கு, எடுக்கட்டுமா?"ன்னு ஒரு கமெண்ட் போட்டிருந்தா இந்தக் கதையே நடந்திருக்காது.

அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட்

நம்ம தொழில்ல டெஸ்ட் ஓட்டாம எதையும் அனுப்ப மாட்டோம். இதுக்கும் ஒரு டெஸ்ட் இருக்கு. எல்லாத் திருத்தமும் பதிவாகியிருந்தா, எல்லாத்தையும் தள்ளினதும் பழைய ஃபைல் அப்படியே திரும்பி வரணும்.

திருத்தி முடிச்ச ஃபைலை இன்னொரு நகல் எடுங்க. அந்த நகல்ல `Reject`க்குக் கீழ `Reject All Changes`. சேமிச்சு மூடுங்க. இப்போ `Review`ல `Compare`. `Original document` இடத்துல வக்கீல் அனுப்பின ஃபைல், `Revised document` இடத்துல இந்த நகல். `More` அமுக்கி `Case changes`, `White space` ரெண்டுலயும் டிக் இருக்கான்னு பாருங்க. அதுல டிக் இல்லாம ஓட்டினா நான் செஞ்ச பெரிய எழுத்துத் தப்பு சிக்கவே சிக்காது.

ஒரு வித்தியாசமும் வரலைன்னா நீங்க பாஸ். வார்த்தையிலயோ ஸ்பேஸ்லயோ ஏதாவது வந்தா, அது நீங்க கலர் இல்லாம செஞ்ச மாற்றம். மெயின் ஃபைலுக்குப் போய் அந்த இடத்தைப் பழையபடி ஆக்கி, டிராக்கிங் ஆன்ல இருக்கும்போது மறுபடி செய்யுங்க, இல்லைன்னா கமெண்ட்டா மாத்துங்க. வேலை அஞ்சு நிமிஷம்தான். நான் அன்னைக்கு இதைச் செஞ்சிருந்தா மேடம் ஒரு வாரம் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அனுப்பும்போது உங்க திருத்தத்தை நீங்களே `Accept` பண்ணிடாதீங்க, கமெண்ட்டை `Resolve` பண்ணிடாதீங்க. அது ரெண்டும் எழுதினவங்க உரிமை. மெயில்ல மூணே வரி போதும்: எத்தனை திருத்தம், எத்தனை கமெண்ட், முதல்ல பார்க்க வேண்டிய கமெண்ட் எது. கூடவே "எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ணி உங்க ஃபைலோட ஒப்பிட்டேன், வித்தியாசம் இல்லை"ன்னு ஒரு வரி.

எதிர்த்தரப்புக்குப் போகறதுக்கு முன்னாடி

கடைசியா ஒண்ணு. டாக்ஸ் ஃபைல்ங்கறது உண்மையில ஒரு ஜிப். பிரிச்சு `word/document.xml`ஐத் திறந்தா, நீங்க அழிச்சது இப்படி உட்கார்ந்திருக்கும்:

```
<w:del w:id="12" w:author="Editor">
  <w:r><w:delText>45</w:delText></w:r>
</w:del>
```

அதாவது, ஏத்துக்கற வரைக்கும் அழிச்ச வார்த்தை போகலை, யார் அழிச்சாங்கங்கற பேரும் போகலை. 2004-ல எஸ்சிஓங்கற கம்பெனி டைம்லர்கிரைஸ்லர் மேல போட்ட வழக்கோட வேர்டு ஃபைலை நிருபர்கள் நோண்டினப்போ, அதுல முன்னாடி பேங்க் ஆஃப் அமெரிக்காவைத்தான் பிரதிவாதியா போட்டிருந்தாங்கன்னு தெரிஞ்சது. நம்ம ஃபைல்ல "இதைவிடக் குறைஞ்ச ரேட்டுக்கும் ஒத்துக்கலாம்"னு ஒரு கமெண்ட் இருந்து, அது கிளையண்ட் கைக்குப் போனா?

அதனால வக்கீல் எல்லாத்தையும் முடிவு பண்ணின பிறகு, வெளிய போற நகல்ல `File`, `Info`, `Check for Issues`, `Inspect Document`. இதைச் செய்ய வேண்டியது வக்கீல்தான், நாம இல்லை. நாம சுத்தம் பண்ணிக் கொடுத்தா அவங்க பார்க்க வேண்டிய கலரும் சேர்ந்து போயிடும்.

மேடம் அடுத்த ஒப்பந்தத்தையும் எனக்கு அனுப்பினாங்க. இந்தத் தடவை டிராக்கிங்கை அவங்களே பூட்டி அனுப்பினாங்க. பாஸ்வேர்டு எனக்குச் சொல்லலை.

அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே.