நாற்பத்தைந்து காசுக் காப்பீடு: பயணச்சீட்டோடு வரும் பாலிசியும் அதன் இழப்பீட்டு வழியும்

இணையத்தில் ரயில் பயணச்சீட்டு பதிவு செய்யும்போது, பணம் செலுத்தும் பக்கத்திற்குச் செல்லுமுன் ஒரு கேள்வி எழும். பயணக் காப்பீடு வேண்டுமா, வேண்டாமா என்பதே அது. ஒரு பயணிக்கு வரி உட்பட 45 காசு என்று அதனருகே எழுதியிருக்கும். கட்டணம் மிகச் சிறியது என்பதாலேயே பலர் அதைப் படிக்காமல் "ஆம்" என்று தட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் அதே காரணத்தால், இதில் என்ன கிடைத்துவிடப் போகிறது என்று "இல்லை" என்கிறார்கள். "ஆம்" என்றவர்களிலும் எத்தனை பேர் தம்மிடம் ஒரு பாலிசி இருப்பதை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது ஐயமே.

இத்திட்டத்தை ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் 2016 செப்டம்பர் மாதம் தொடங்கியது. அப்போது கட்டணம் 92 காசு. இடையில் சில காலம் கட்டணமின்றியும் வழங்கப்பட்டது. காப்பீட்டை அளிப்பது ரயில்வே அன்று, ஐ.ஆர்.சி.டி.சி.யுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட காப்பீட்டு நிறுவனமே அளிக்கிறது. ஆகவே இழப்பீடு தொடர்பான எந்தக் கோரிக்கையும் அந்த நிறுவனத்திற்கும் பயணிக்கும் இடைப்பட்டது. பயணச்சீட்டு விற்ற தளத்தையோ ரயில் நிலையத்தையோ அணுகிப் பணம் கேட்பதில் பயனில்லை. முன்பதிவுச் சாளரத்தில் எடுக்கும் சீட்டுக்கு இந்தக் காப்பீடு இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே இது உண்டு.

காப்பீட்டுத் தொகை ஒவ்வொரு பயணிக்கும் தனித்தனியானது. விபத்தில் உயிரிழந்தால் 10 லட்சம் ரூபாய். நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டாலும் அதே தொகை. நிரந்தரப் பகுதி ஊனத்திற்கு 7.5 லட்சம் வரை. காயத்திற்கான மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் வரை. இது மேற்சொன்ன தொகைகளுக்குள் அடங்காது, கூடுதலாகக் கிடைப்பது. உயிரிழந்தவரின் உடலைக் கொண்டுசெல்லும் செலவுக்கு 10 ஆயிரம் ரூபாய்.

எது விபத்து என்பதற்கு இத்திட்டம் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 123, 124, 124ஏ பிரிவுகளையே அளவுகோலாகக் கொள்கிறது. ரயில்கள் மோதுவதும் தடம் புரள்வதும் அதில் அடங்கும் என்பது எதிர்பார்த்ததே. பலருக்குத் தெரியாதது, அச்சட்டம் "விரும்பத்தகாத நிகழ்வு" என்று குறிப்பிடும் மற்றொரு வகை. பயங்கரவாதச் செயல், வன்முறைத் தாக்குதல், கொள்ளை, கலவரம், துப்பாக்கிச் சூடு, தீவைப்பு ஆகியவற்றோடு, பயணி ஓடும் ரயிலிலிருந்து தற்செயலாகத் தவறி விழுவதும் அதில் இருக்கிறது. பெரும் விபத்துகள் அரிதாக நிகழ்பவை. ஒரு தனி மனிதர் கதவருகே நிலைதடுமாறி விழுவதற்கும் காப்பீடு உண்டு என்பதை அறிந்தவர்களே இந்தப் பாலிசியை உரிய வேளையில் நினைவுகூர்வார்கள்.

ரயிலில் பயணிக்கும்போது வரும் மாரடைப்பு போன்ற நோய்கள், தற்கொலை முயற்சி, தனக்குத் தானே செய்துகொண்ட காயம், மது போதையில் செய்த செயல், தன் குற்றச் செயலால் நேர்ந்தது ஆகியவை இதில் சேரா. பெட்டி திருட்டுப்போனதற்கும் ரயில் தாமதமானதற்கும் இதில் ஒன்றும் கிடைக்காது. காப்பீடு செல்லுபடியாகும் நேரம், பயணம் தொடங்கும் நிலையத்தில் ரயில் புறப்படுவது முதல் சேரும் நிலையத்தை அடைவது வரை. ரயிலில் ஏறும் செயலும் இறங்கும் செயலும் இதில் அடங்கும். ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நடைமேடையில் வழுக்கி விழுந்தவர் இந்தப் பாலிசியைச் சுட்ட முடியாது.

ஏறும்போது விழுந்தவரின் அவசரமே காரணம் என்று தட்டிக்கழிக்க முடியுமா என்ற கேள்வி எழலாம். ரயில்வேயின் இழப்பீடு குறித்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இதை ஆராய்ந்திருக்கிறது. பிரபாகரன் விஜயகுமார் வழக்கில் 2008ஆம் ஆண்டும், ரீனா தேவி வழக்கில் 2018ஆம் ஆண்டும் அளித்த தீர்ப்புகளில், பயணியின் கவனக்குறைவைத் தனக்குத் தானே செய்துகொண்ட காயமாகக் கருத முடியாது என்று கூறியது. அவை காப்பீட்டு நிறுவனத்தை எதிர்த்த வழக்குகள் அல்ல. ஆயினும் பாலிசியும் அதே பிரிவுகளையே பொருள்கொள்வதால், கோரிக்கை மறுக்கப்படும் இடத்தில் அத்தீர்ப்புகளை எடுத்துக்காட்டுவது பொருத்தமே.

இழப்பீடு எவ்வாறு பெறப்படுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். போபாலில் பணிபுரியும் ஒருவர், மனைவி, 14 வயது மகள், 3 வயது மகன் ஆகியோருடன் சென்னைக்குச் செல்கிறார் என்று கொள்வோம். ஒரே பி.என்.ஆர். எண்ணில் மூன்று இருக்கைகள். மகனுக்கு இருக்கை எடுக்கவில்லை. காப்பீடு வேண்டும் என்று தேர்ந்தால் அந்த எண்ணிலுள்ள எல்லாப் பயணிகளுக்கும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் எடுக்க இயலாது. ஆக, மூவருக்கு 1 ரூபாய் 35 காசு. ஐந்து வயதுக்குட்பட்டு இருக்கை எடுக்காத மகனுக்குக் காப்பீடு இல்லை. பெற்றோர் நினைத்துப் பார்க்காத இடம் இதுவே.

பணம் செலுத்தியதும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் வரும். அவற்றில் நாமினி விவரத்தைப் பதிவு செய்வதற்கான இணைப்பு இருக்கும். நம் பயணி அதை விளம்பரம் என்று எண்ணி அழித்துவிட்டார். பாலிசி எண் தொலைந்துவிடவில்லை. பயணச்சீட்டு வாங்கிய கணக்கில் Booked Ticket History என்ற பகுதியில் காணலாம். நாமினி விவரம் மட்டும் பதிவாகவில்லை.

இரவில் வாரங்கல் அருகே, கழிவறையிலிருந்து திரும்பும்போது ரயில் குலுங்கியதில் அவர் திறந்திருந்த கதவு வழியே விழுந்து வலது காலில் எலும்பு முறிகிறது. ரயில் நிறுத்தப்பட்டு, அவர் வாரங்கலில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். இந்த நிமிடங்களில் குடும்பத்தினர் செய்வதும் செய்யாததும்தான் பின்னாளில் கோரிக்கையின் வலிமையைத் தீர்மானிக்கும். பயணச்சீட்டுப் பரிசோதகரிடம் தெரிவித்து, நிலைய அதிகாரியின் குறிப்பிலும் ரயில்வே காவல் நிலையத்தின் பதிவிலும் நிகழ்வை ஏற்றச் செய்ய வேண்டும். 139 என்ற எண்ணில் அழைத்தும் உதவி கோரலாம். மருத்துவமனையின் சேர்க்கைக் குறிப்பில் "கீழே விழுந்தார்" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் போதாது. இன்ன ரயிலிலிருந்து இன்ன இடத்தில் விழுந்தார் என்று எழுதச் சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது, விபத்து நடந்ததை உறுதிசெய்யும் ரயில்வே நிர்வாகத்தின் அறிக்கையையே. பெரிய விபத்தில் பயணிகளின் பட்டியலே வெளிவருவதால் இது எளிது. தனி ஒருவர் விழுந்த நிகழ்விலோ, பதிவு செய்யப்படாவிட்டால் அப்படியொன்று நடந்ததற்கே சான்று இராது.

மருத்துவமனைக் கட்டணம் 2,30,000 ரூபாய் ஆகிறது. பாலிசியின் உச்சவரம்பு 2 லட்சம் என்பதால் எஞ்சிய 30 ஆயிரத்தை அவரே ஏற்க வேண்டும். அவருக்கு வேறு மருத்துவக் காப்பீடு இருந்தால், ஒரே செலவை இரு இடத்திலும் முழுமையாகப் பெற முடியாது. ஒரு நிறுவனம் கொடுத்தது போக மீதியை மற்றொன்றிடம் கேட்கலாம். அதற்கு அசல் ரசீதுகள் எந்த நிறுவனத்திடம் போயின என்பதையும் அது கொடுத்த தொகையைக் குறித்த கடிதத்தையும் பாதுகாத்து வைக்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்தும் அவரால் காலை முழுமையாக மடக்க முடியவில்லை. மருத்துவர் நிரந்தரப் பகுதி ஊனம் என்று சான்றளிக்கிறார். அதற்கும் இழப்பீடு கோரலாமா? கோரலாம், ஒரு நிபந்தனையுடன். விபத்து நிகழ்ந்த உடனேயே, அதிகபட்சம் 4 மாதங்களுக்குள், காப்பீட்டு நிறுவனத்தின் அருகிலுள்ள அலுவலகத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்திருக்க வேண்டும். எல்லா ஆவணங்களும் சேரட்டும் என்று காத்திருந்து காலம் தவறுவது வழக்கமாக நேரும் பிழை. பி.என்.ஆர். எண், பாலிசி எண், நிகழ்ந்த நாள், இடம், காயத்தின் தன்மை ஆகியவற்றைக் கொண்ட ஒரு பக்கக் கடிதம் போதும். கால் குறித்த இறுதி நிலை பின்னர் தெரியவரும் என்றும் அதில் எழுதிவிடலாம். மருத்துவ அறிக்கைகளும் ஊனச் சான்றிதழும் பிறகு சேரட்டும். கடிதம் பெற்றதற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்குவது அவசியம்.

நிரப்பிய கோரிக்கைப் படிவம், ரயில்வே அறிக்கை, மருத்துவமனை வெளியேற்றக் குறிப்பு, அசல் ரசீதுகள், புகைப்பட அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை சேர்ந்து போக வேண்டும். வங்கி என்ற முறையில் இங்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பயணச்சீட்டிலுள்ள பெயரும் வங்கிக் கணக்கிலுள்ள பெயரும் எழுத்து மாறாமல் ஒத்திருந்தால் தொகை தடையின்றி வந்து சேரும். வீட்டில் அழைக்கும் பெயரில் சீட்டு எடுப்பவர்கள் இதைக் கருத வேண்டும். தேவையான ஆவணங்கள் கிடைத்த 15 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனம் தொகையைத் தீர்க்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி.

இதே நிகழ்வில் அவர் உயிரிழந்திருந்தால், அழிக்கப்பட்ட அந்தக் குறுஞ்செய்தியின் விலை அப்போது தெரியும். நாமினி பதிவாகியிருந்தால் அவரே தொகையைக் கோரலாம். பதிவாகாதபோது சட்டப்படியான வாரிசுகளுக்கே தொகை போகும். அதற்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும். வாரிசுகளுக்குள் உடன்பாடு இல்லையெனில் நீதிமன்றம் வரை செல்ல நேரலாம். வங்கிக் கணக்கில் குறித்த நாமினி இந்தப் பாலிசிக்கும் பொருந்துவார் என்று சிலர் நம்புகிறார்கள். பொருந்தமாட்டார். இரண்டும் தனித்தனி. ஒவ்வொரு பயணத்திற்கும் தனிப் பாலிசி என்பதால், நாமினி விவரத்தையும் ஒவ்வொரு முறையும் பதிவு செய்தாக வேண்டும்.

பயணச்சீட்டை ரத்து செய்தால் காப்பீட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்காது. 45 காசுக்கு யாரும் வருந்தப்போவதில்லை. ரயில் வழியில் நிறுத்தப்பட்டு, எஞ்சிய தொலைவுக்கு ரயில்வே வேறு வாகனம் ஏற்பாடு செய்தால் அந்தப் பயணத்திற்கும் காப்பீடு தொடரும். தாமாக ஒரு வாடகைக் காரில் ஏறிச் சென்றால் தொடராது.

இந்தக் காப்பீடு ரயில்வே தர வேண்டிய இழப்பீட்டுக்கு மாற்றன்று. சட்டப்படி விபத்து மரணத்திற்கு ரயில்வே வழங்க வேண்டிய தொகை 2017 ஜனவரி 1 முதல் 8 லட்சம் ரூபாய். அதை ஓராண்டுக்குள் ரயில்வே உரிமைக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் தனியே கோர வேண்டும். ரயில்வே அறிவிக்கும் கருணைத் தொகை இவ்விரண்டிலும் சேராதது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானபோது, உயிரிழந்தோர் குடும்பத்திற்கு ரயில்வே அறிவித்த 10 லட்சம் அத்தகைய கருணைத் தொகையே. அதைப் பெற்றுக்கொண்டதால் காப்பீட்டுக் கோரிக்கை தீர்ந்துவிடுவதில்லை.

காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுத்தாலோ பதிலளிக்காமல் இருந்தாலோ, முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்திற்குள் நிறைவான பதில் வராவிட்டால் காப்பீட்டு ஒம்புட்ஸ்மேனிடம் முறையிடலாம். இதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஒம்புட்ஸ்மேன் அலுவலகம் சென்னையிலும் இயங்குகிறது. முறையீட்டுடன் இணைக்க வேண்டியவற்றில் முதலாவது, நான்கு மாதத்திற்குள் அனுப்பிய அந்த ஒரு பக்கக் கடிதத்தின் ஒப்புகை.