மெட்டைக் கொண்டு நாட்டை அறிதல்

கல்முனைக் கரையில் இரவு ஏறியபின் சிற்றலை வானொலியின் முள்ளைத் திருப்பிய நேயர்களுக்கு ஒரு குழப்பம் நேர்ந்ததுண்டு. சொற்கள் இன்றி வாத்தியக் குழுவொன்று கம்பீரமாய் இசைக்கும். ஏதோ ஒரு நாட்டின் தேசிய கீதம் என்பது மட்டும் விளங்கும். நிலையத்தின் பெயரைக் கூறுமுன் அலை மங்கிவிடும். அது எந்த நாட்டினுடையது?

இதற்கு இசைப்புலமை வேண்டுவதில்லை. டெனிஸ் பார்சன்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1975இல் வெளியிட்ட நூலில் எளிய வழியொன்றைக் காட்டினார். முதற் சுரத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு சுரமும் முன்னதைவிட ஏறுகின்றதா, இறங்குகின்றதா, ஒத்திருக்கின்றதா என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். பிரித்தானிய அரச கீதத்தின் முதல் ஆறு சுரங்களை இவ்வாறு எழுதினால் ஒத்தது, ஏற்றம், இறக்கம், ஏற்றம், ஏற்றம் என வரும். எந்தச் சுருதியில் முணுமுணுத்தாலும் இவ்வரிசை மாறாது என்பதே இதன் சிறப்பு. பதினைந்து சுரம்வரை எழுதினால் பெரும்பாலும் வேறொரு பாட்டோடு மயங்காது. ஐயம் எஞ்சினால் தாளத்தைத் தட்டிப் பார்க்கலாம். மேற்சொன்ன கீதம் மும்மூன்றாய் நடக்கும்.

பிழை நேரும் இடம் பெரும்பாலும் தொடக்கமே. வாத்தியக் குழுவின் முன்னிசையைப் பாட்டென்று கருதிவிட்டாலும், முதற் சுரங்கள் இரைச்சலில் மறைந்துவிட்டாலும் வரிசை முழுதும் பிசகிவிடும். அப்போது நடுவிலுள்ள ஒரு வரியை எடுத்து ஒப்பிடுவதே தக்கது.

ஆயினும் மெட்டு அகப்பட்டபின்னும் நாடு அகப்படாமற் போவதுண்டு. பிரித்தானிய மெட்டிலேயே லீக்டன்ஸ்டைனின் கீதமும் அமைந்துள்ளது. பின்லாந்தின் கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. 1848இல் பிரெட்ரிக் பாசியஸ் அமைத்த மெட்டே அந்நாட்டுக்கும் எஸ்தோனியாவுக்கும் பொது. சோவியத் ஆட்சியில் எஸ்தோனியர் தம் கீதத்தைப் பாடத் தடை இருந்தது. ஆனால் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் அகலமுள்ள கடலுக்கு அப்பாலிருந்து பின்லாந்து வானொலி, ஒலிபரப்பை முடிக்கும்போது தன் கீதத்தை இசைத்தது. பின்லாந்தியருக்கு அது அவர்தம் நாடு. தாலினில் காது கொடுத்தோருக்கோ தம் நாடு. மெட்டிற்கு எந்தத் தணிக்கையாளர் தடை விதிப்பார்? 1990இல் அக்கீதம் எஸ்தோனியாவுக்கு மீண்டது.

நம் நாட்டிலோ நிலைமை மறுதலையானது. இங்கே நாடு ஒன்று, மொழிகள் இரண்டு. ஆனந்த சமரக்கோன் அமைத்து, 1951இல் தேசிய கீதமாக ஏற்கப்பட்ட பாடலை மு. நல்லதம்பி தமிழில் ஆக்கினார். இரண்டிற்கும் மெட்டு ஒன்றே. நிந்தவூர்ப் பள்ளியொன்றில் வாத்தியம் மட்டும் ஒலித்தால், வெளியே நிற்பவர் நாட்டை உடனே அறிவார். உள்ளே மாணவர் எம்மொழிச் சொற்களை உதட்டில் வைத்திருக்கின்றனர் என்பதை, அவர்கள் வாய் திறக்கும்வரை அறியமாட்டார்.