மலையில் மாறும் விசில் கணக்கு

ஊட்டிக்குக் குடும்பத்தோடு போய், சமையலறை உள்ள விடுதியில் தங்குபவர்கள் பலரும் முதல் நாளே ஒரு சிக்கலைச் சந்திப்பார்கள். கடலையை ராத்திரியே ஊறவைத்தாயிற்று. குக்கரும் வீட்டிலிருந்து கொண்டுவந்ததுதான், விசில் எண்ணிக்கையும் வழக்கமானதுதான். ஆனால் மூடியைத் திறந்து ஒரு கடலையை நசுக்கிப் பார்த்தால் உள்ளே நறுக்கென்று இருக்கிறது. கடலை பழசு என்பார் ஒருவர், தண்ணீர் உப்பு என்பார் இன்னொருவர். இரண்டுமே கடலையை வேகவிடாமல் செய்யக்கூடியவைதான். ஆனால் ஊட்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உயரத்தை.

தண்ணீர் கொதிப்பது என்றால், அதிலிருந்து கிளம்பும் ஆவி மேலே அழுத்திக்கொண்டிருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு வெளியேறுவது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் குறைந்த சூட்டிலேயே ஆவிக்கு அந்த வலு வந்துவிடுகிறது. சுமார் 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும் என்பது நினைவில் வைக்க எளிய கணக்கு. சென்னையில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர் ஏற்காட்டில் சுமார் 95 டிகிரியிலும், இலங்கையின் நுவரெலியாவில் 94 டிகிரிக்குச் சற்றுக் கீழும் கொதிக்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் இது 92.5 டிகிரி. 3,500 மீட்டரில் இருக்கும் லடாக்கின் லே நகரில் 88 டிகிரிதான்.

கொதிக்க ஆரம்பித்த தண்ணீரின் சூடு, அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் ஏறாது. கூடுதல் தீயெல்லாம் தண்ணீரை ஆவியாக்கத்தான் செலவாகும். எனவே திறந்த பாத்திரத்தில் லே நகரத்துப் பருப்புக்கு எந்த நேரத்திலும் 88 டிகிரிக்கு மேல் கிடைக்காது. 1835 மார்ச்சில் ஆண்டிஸ் மலையைக் கடந்தபோது சார்லஸ் டார்வின் இதை நேரில் பார்த்தார். இரவு முழுக்க அடுப்பில் கிடந்த உருளைக்கிழங்கு காலையில் மறுபடி கொதிக்க வைத்தும் வேகவில்லை. கூட வந்த உள்ளூர்க்காரர்கள், புதுப் பானைக்கு ஏதோ சாபம் என்று முடிவு கட்டினார்கள். காற்றழுத்தம் குறைந்ததுதான் காரணம் என்று டார்வினுக்குத் தெரிந்திருந்தது.

சில டிகிரி குறைந்ததற்கா இவ்வளவு பாடு என்று தோன்றலாம். அரிசியின் மாவுப்பொருள் சுமார் 70, 75 டிகிரியிலேயே தண்ணீரை உறிஞ்சிக் குழையத் தொடங்கிவிடும். அதனால் சோறு மலையிலும் வெந்துவிடும். கொஞ்சம் கூடுதல் நேரமும், ஆவியாகிப் போவதை ஈடுகட்டக் கூடுதல் தண்ணீரும் வேண்டும், அவ்வளவுதான். பருப்பு வகைகளின் கதை வேறு. அவற்றின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை கரைந்தால்தான் பருப்பு மசியும். அந்தக் கரைதல் சூட்டை மிகவும் நம்பியிருக்கிறது. 10 டிகிரி குறைந்தால் வேகும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும் என்று தோராயமாகச் சொல்லலாம்.

இங்கேதான் குக்கர் கைகொடுக்கிறது, ஆனால் முழுமையாக அல்ல. வீட்டுக் குக்கரின் வெயிட், உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அதிகமானதும் தூக்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. அதாவது, வெளிக்காற்றின் மேல் ஒரு நிலையான அளவை அது கூட்டுகிறது. அடியில் இருக்கும் வெளிக்காற்றே மலையில் குறைந்துவிட்டதால் மொத்தமும் குறைகிறது. சென்னையில் குக்கருக்குள் 120 டிகிரி இருக்கும்போது ஊட்டியில் சுமார் 116, லேயில் 114. விசில் சத்தம் எங்கும் ஒன்றுதான். அது அறிவிப்பது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை. உள்ளே எத்தனை டிகிரி என்று அதற்குத் தெரியாது.

ஆனாலும் லாபம் பெரிது. லேயில் திறந்த பாத்திரம் சென்னையைவிட 12 டிகிரி பின்தங்குகிறது, குக்கர் 6 டிகிரிதான் பின்தங்குகிறது. அந்த 6 டிகிரியை நேரத்தால் ஈடுகட்டிவிடலாம். அதற்குப் பழக்கத்தில் உள்ள கணக்கு இது: 2,000 அடிக்கு மேல் ஒவ்வொரு 1,000 அடிக்கும் குக்கர் நேரத்தை 5 சதவீதம் கூட்ட வேண்டும். ஊட்டி ஏறக்குறைய 7,350 அடி. 2,000 போக மிச்சம் 5,350 அடி. எனவே கூட்ட வேண்டியது சுமார் 27 சதவீதம். ஊறிய கொண்டைக்கடலைக்குச் சென்னையில் முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் 20 நிமிடம் வைப்பவர், ஊட்டியில் 25 நிமிடம் வைக்க வேண்டும். சுமார் 11,500 அடியிலுள்ள லேயில் இது 30 நிமிடத்தை நெருங்கும்.

இந்தக் கணக்கை விசிலில் போட முடியாது. பெரிய தீயில் விசில்கள் அடுத்தடுத்து வந்து ஐந்தாறு நிமிடத்தில் எண்ணிக்கை முடிந்துவிடும். சிறு தீயில் அதே எண்ணிக்கைக்கு இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். சமவெளியில் இந்தத் தாறுமாறு பெரிதாகத் தெரியாது. மலையில் தெரியும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கடிகாரத்தைப் பார்ப்பதே சரி. குக்கரில் ஆவி அதிகம் வெளியேறாததால் தண்ணீரின் அளவைக் கூட்ட வேண்டியதில்லை. சூட்டைக் கூட்டும் நினைப்பில் வெயிட்டின் மேல் எதையும் வைக்கவே கூடாது. அப்படிச் செய்தால் சேஃப்டி வால்வு திறந்துகொள்ளும். அது பழுதாகியிருந்தால் ஆபத்து.

வெயிட் போடாத குக்கர் ஒரு மூடிய பாத்திரம் மட்டுமே. ஊட்டியில் அதில் இட்லி வைத்தால் ஆவியின் சூடு 92.5 டிகிரிதான். சில நிமிடங்கள் கூடுதலாக வைத்து, ஈரக்கையால் தொட்டு ஒட்டவில்லை என்று பார்த்து இறக்க வேண்டும்.

வெயிட்டைத் தூக்கி ஆவியைச் சட்டென்று வெளியேற்றும் பழக்கத்தை மலையில் விட்டுவிடுவது நல்லது. சென்னையில் அப்போது உள்ளிருப்பது 120 டிகிரியிலிருந்து 100க்கு இறங்குகிறது. ஊட்டியில் 116லிருந்து 92.5க்கு, அதாவது இன்னும் பெரிய இறக்கம். அந்த மிச்ச வெப்பம் குக்கருக்குள்ளேயே வேகமாகக் கொதித்து, பருப்பு நுரையோடு வால்வு வழியாகப் பீய்ச்சி அடிக்கும். தானாக அடங்கவிட்டால் அந்தப் பத்து நிமிடமும் கடலை வெந்துகொண்டே இருக்கும்.

ராஜ்மா சமைப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் இயற்கையாகவே லெக்டின் என்ற நச்சுப்பொருள் உண்டு. அரைகுறையாக வெந்த ராஜ்மா சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 100 டிகிரியில் அரைமணி நேரம் கொதிக்க வைப்பது சமவெளிக்கான பாதுகாப்பு விதி. மலையில் திறந்த பாத்திரம் அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. எனவே அங்கே ராஜ்மாவைக் குக்கரில்தான் வேகவைக்க வேண்டும். முழுதாக மசியாத ஒரு மணி கையில் சிக்கினாலும், மூடியைப் போட்டு மறுபடி அடுப்பேற்றுங்கள்.