இடத்துக்கொரு சாய்வு: ப்ரொப்பெல்லர் இறக்கையை வரைவது எப்படி?

பொம்மை விமானம் பறக்கவிடுபவர்கள் வாங்கும் ப்ரொப்பெல்லரில் 10x5 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் விட்டம், 10 அங்குலம். இரண்டாவது எண் பிட்ச், 5 அங்குலம். வெண்ணெயில் திருகாணி இறங்குவதுபோல வழுக்காமல் சென்றால், ஒரு சுற்றுக்கு இது முன்னேறும் தூரம் அது. இறக்கையை நுனிப்பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். நுனியில் ஏறக்குறையப் படுத்திருக்கும் இறக்கை, நடுவை நெருங்க நெருங்க நிமிர்ந்துகொண்டே வருகிறது. கணினியில் இதே இறக்கையை வரைய உட்காருகிறவர் முதலில் தடுக்கி விழுவது இந்த முறுக்கில்தான்.

முறுக்கு எதற்கு? நிமிடத்துக்கு 6000 சுற்று, அதாவது நொடிக்கு 100 சுற்று என்று வைத்துக்கொள்வோம். பிட்ச் 127 மில்லிமீட்டர் என்பதால், ப்ரொப்பெல்லர் முழுவதும் நொடிக்கு 12.7 மீட்டர் முன்னேற வேண்டும். இந்த வேகம் இறக்கையின் எல்லா இடத்துக்கும் பொது. பக்கவாட்டு வேகம் அப்படியல்ல. அச்சிலிருந்து 25 மில்லிமீட்டர் தள்ளி உள்ள இடம் நொடிக்கு 15.7 மீட்டர்தான் சுழல்கிறது. நுனிக்குச் சற்று உள்ளே, 125 மில்லிமீட்டரில், 78.5 மீட்டர். முன்னேற்றம் ஒன்றே, சுழற்சி ஐந்து மடங்கு. ஆகவே காற்று இறக்கையை வந்து தொடும் திசை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. அந்தத் திசையை ஒட்டியே இறக்கையும் சாய வேண்டும். ரைட் சகோதரர்கள் தங்கள் 1903 விமானத்துக்காக ஸ்ப்ரூஸ் மரப் பலகைகளை ஒட்டிச் செதுக்கிய, எட்டரை அடி விட்டமுள்ள ப்ரொப்பெல்லர்களிலும் இந்த முறுக்கு உண்டு. ப்ரொப்பெல்லர் என்பது சுழன்றபடி பறக்கும் ஒரு விமான இறக்கை என்று அவர்கள் எடுத்துக்கொண்டதால் வந்த முறுக்கு அது.

சாய்வைக் கணக்கிட ஒரே ஒரு வரி போதும்:

```
θ = atan( P / (2 · π · r) )
```

P என்பது பிட்ச், r என்பது அச்சிலிருந்து உள்ள தூரம். நம் ப்ரொப்பெல்லருக்கு 25 மில்லிமீட்டரில் 39 டிகிரி வருகிறது. 50-ல் 22, 75-ல் 15.1, 100-ல் 11.4, 125-ல் 9.2. இந்த எண்கள் இறங்கும் விதத்தைக் கவனியுங்கள். முதல் 25 மில்லிமீட்டருக்குள் 17 டிகிரி சரிகிறது. கடைசி 25-ல் இரண்டு டிகிரிக்குச் சற்று மேல்தான் மாறுகிறது. மாடல் செய்வதில் வரும் பாதிச் சிக்கல் இந்தச் சமமின்மையிலிருந்து பிறப்பது.

இனி வரைவோம். ஃப்ரீகேட் போன்ற இலவச சாஃப்ட்வேர் போதுமானது. அச்சிலிருந்து மேற்சொன்ன ஐந்து தூரங்களில், இறக்கையின் நீளத்துக்குக் குறுக்காக ஐந்து தளங்களை வைக்கிறோம். ஒவ்வொரு தளத்திலும் இறக்கையை அந்த இடத்தில் நறுக்கினால் தெரியும் வடிவத்தை, அதாவது வெட்டுமுகத்தை, வரைகிறோம். 1922-ல் வர்ஜீனியஸ் கிளார்க் உருவாக்கிய கிளார்க் ஒய் இதற்கு வசதியான வடிவம். அதன் அடிப்பக்கம் பெரும்பகுதி தட்டையாக இருப்பதால், கோணத்தை அதிலேயே வைத்து அளந்துவிடலாம். வடிவத்தின் புள்ளிகளை முதலில் அந்த இடத்து அகலத்துக்கு ஏற்பப் பெருக்கி, பிறகு அந்த இடத்துக் கோணத்துக்குத் திருப்ப வேண்டும். ஐந்தையும் ஒரே புள்ளியைச் சுற்றித் திருப்புவது முக்கியம். முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்கு தள்ளி ஒரு புள்ளியைப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றை முன்விளிம்பிலும் இன்னொன்றை நடுவிலும் பிடித்துத் திருப்பினால், கோணமெல்லாம் சரியாக இருந்தும் இறக்கை கோணிப்போகும்.

அடுத்தது `Additive Loft` என்ற கட்டளை. ஐந்து வெட்டுமுகங்களையும் வரிசையாகத் தேர்ந்தெடுத்தால், அவற்றின்மீது தோல் போர்த்தித் திண்மமாக்கித் தருகிறது. ஆனால் வெட்டுமுகம் இருக்கும் இடத்தில்தான் நாம் சொன்ன கோணம். நடுவில் இருப்பதெல்லாம் சாஃப்ட்வேரின் ஊகம்.

அந்த ஊகம் எவ்வளவு தப்பும் என்று பார்க்கலாம். சோம்பல்பட்டு 25-லும் 125-லும் மட்டும் இரண்டு வெட்டுமுகங்களை வைத்து, நேர்கோடுகளால் இணைக்கச் சொன்னோம் என்று கொள்வோம். அகலம் மாறாத இறக்கையானால், நட்டநடுவில் சாய்வு இரண்டின் சராசரியாகிவிடும்: 24 டிகிரி. அங்கே இருக்க வேண்டியது 15.1. ஓடும்போது இறக்கை காற்றை ஏற்கெனவே சில டிகிரி எதிர்த்துத்தான் நிற்கும். அதன்மேல் இன்னும் 9 டிகிரி ஏறினால் காற்றோட்டம் மேற்பரப்பைவிட்டுப் பிய்ந்து, இழுவிசை குறைந்து, மோட்டார் வீணாகத் திணறும். கூடவே நடுப்பகுதி ஒல்லியாகவும் ஆகிறது. திருப்பி வைத்த இரு கோடுகளின் முனைகளை நேராக இணைத்தால் இடையில் அகலம் சுருங்கத்தான் செய்யும்; இங்கே மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல்.

ஐந்து வெட்டுமுகம் வைத்தால் வெளிப்பாதியில் தவறு கால் டிகிரி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. உள்ளே அப்படியில்லை. 25-க்கும் 50-க்கும் நடுவில், 37.5-ல், சூத்திரம் கேட்பது 28.3, நேர்கோட்டு இணைப்பு தருவது 30.5. ஆகவே ஆறாவது வெட்டுமுகம் ஒன்று வைக்க மனமிருந்தால் அதை நுனிப்பக்கம் வைப்பது வீண், 37.5-ல் வைக்க வேண்டும். சம இடைவெளியில் அடுக்குவது பார்க்க ஒழுங்காக இருக்கும், அவ்வளவுதான். நேர்கோட்டுக்குப் பதில் வளைகோட்டு இணைப்பைத் தேர்ந்தால் பெரும்பாலும் இன்னும் நன்றாக வரும். ஆனால் வெட்டுமுகங்களுக்கு நடுவே புடைப்போ அலையோ எழுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த முறையானாலும் சோதனை ஒன்றுதான்: வெட்டுமுகம் வைக்காத ஓர் இடத்தில் முடிந்த மாடலை நறுக்கி, தட்டை அடிப்பக்கத்தின் கோணத்தை அளந்து, சூத்திரத்தோடு ஒப்பிடுங்கள்.

தோல் சுருண்டு கசங்கி வந்தால் கோணத்தைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு வெட்டுமுகம் பின்விளிம்பிலும் மற்றொன்று முன்விளிம்பிலும் புள்ளிகளை எண்ணத் தொடங்கியிருக்கும். அல்லது ஒன்று வலமாகவும் ஒன்று இடமாகவும் ஓடும். எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே திசையில், ஒரே எண்ணிக்கைப் புள்ளிகளோடு இருந்தால் இது தீரும். பின்விளிம்பு இன்னொரு தொல்லை. ஏட்டிலுள்ள வடிவம் அங்கே கத்திமுனையாக முடியும். முப்பரிமாண அச்சுப் பொறியின் மூக்குத்துளையே 0.4 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டருக்குக் குறையாத தடிப்பை அங்கே விட வேண்டும். அதையும் அகலத்துக்கேற்பப் பெருக்கி முடித்த பிறகு செய்ய வேண்டும்; முன்பே செய்தால் நுனியில் அந்தத் தடிப்பும் சேர்ந்து சுருங்கிவிடும்.

சமதளத்தில் வரையும் இந்த வழி ஒல்லியான காற்று இறக்கைக்குப் பொருந்தும். கப்பல் ப்ரொப்பெல்லரின் இறக்கை அகலமானது. அங்கே வெட்டுமுகத்தை அச்சைச் சுற்றிய உருளையின்மேல் வளைத்துப் படியவைக்கிறார்கள், ஏனென்றால் தண்ணீர் அந்த வளைவில்தான் ஓடுகிறது.

அச்சுக்கு மிக அருகே சூத்திரத்தை நம்பிப் போக முடியாது. 10 மில்லிமீட்டரில் அது ஏறக்குறைய 64 டிகிரி கேட்கிறது. அந்த இடமோ மெதுவாகச் சுழல்வதால் தள்ளுவது சொற்பம். அங்கே வேண்டியது வலிமை. எனவே 25-க்கு உள்ளே வெட்டுமுகத்தைத் தடித்த நீள்வட்டமாக மாற்றி நடுக்குமிழோடு சேர்த்துவிடுவது நல்லது. 5 கிராம் எடையுள்ள ஓர் இறக்கையின் எடைமையம் 50 மில்லிமீட்டரில் இருந்தால், 6000 சுற்றில் அது தன் வேரை இழுக்கும் விசை கிட்டத்தட்ட 10 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். அச்சிடும்போது இறக்கையைப் படுக்கவைத்து, அடுக்குகள் நீளவாக்கில் ஓடும்படி செய்ய வேண்டும். நிறுத்தி அச்சிட்டால் இந்த 10 கிலோவும் அடுக்குகளுக்கு இடையிலுள்ள ஒட்டின்மேல் விழும். முதல்முறை சுழற்றும்போது அதன் சுழல்தளத்துக்கு நேரே நிற்காதீர்கள். பிய்ந்தால் அந்தத் திசையில்தான் பறக்கும்.