வட்டத்துக்குள்ளிருந்து வரும் பதில்

குடிநோய் சிகிச்சை மையம் ஒன்றில் குடும்பத்தாருக்கான குழுவைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். செவ்வாய்தோறும் எட்டு அல்லது ஒன்பது பேர், ஒன்றரை மணி நேரம். பெரும்பாலும் மனைவிமார், சில சமயம் அம்மாக்கள். இந்த வருடம் உளவியல் முதுகலை முடித்த ஒரு பெண் என்னிடம் பயிற்சிக்கு வந்தாள். அவள் நடத்திய முதல் அமர்வில் நடந்ததைச் சொல்கிறேன். வந்தவர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

இரண்டு வாரம் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு தையல்காரப் பெண் அன்றுதான் வாயைத் திறந்தார். கணவர் குடித்துவிட்டுக் கிடக்கும் நாட்களில் அவருடைய பட்டறைக்குப் போன் போட்டு, காய்ச்சல் என்று பொய் சொல்வாராம். "நான்தான் அவரைக் கெடுக்கறேனோன்னு தோணுது" என்று சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பை விரலில் சுற்றியபடி தரையைப் பார்த்தார். பயிற்சிக்கு வந்தவள் இரக்கத்தோடு, "இது உங்களுக்கு மட்டும் இல்லைம்மா, எல்லார் வீட்லயும் நடக்கறதுதான்" என்றாள். அவர் தலையாட்டினார். அதன்பின் அமர்வு முடியும்வரை பேசவில்லை.

"புத்தகத்துல இருக்கறதைத்தானே மேடம் சொன்னேன், ஏன் அவங்க அடங்கிப்போயிட்டாங்க?" என்று பிறகு கேட்டாள். நல்ல கேள்வி. குழு சிகிச்சையில் ஆட்களைக் குணமாக்குவது எது என்பதற்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அவள் சொன்ன புத்தகம், அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலம் 1970-இல் வெளியிட்டது. குழுவில் உட்காருவதால் ஒருவர் எப்படித் தேறுகிறார் என்பதைப் பதினொரு காரணிகளாக அவர் பிரித்தார். முதலில் 'குணமாக்கும் காரணிகள்' என்று பெயர் வைத்தவர், 'குணம்' என்பது பெரிய வாக்குறுதியாகிவிடும் என்பதால் பிந்தைய பதிப்புகளில் 'சிகிச்சைக் காரணிகள்' என்று மாற்றிக்கொண்டார். பதினொன்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. புதிதாகக் குழு நடத்துபவர் முதல் மாதத்தில் இரண்டைக் கவனித்தால் போதும். ஒன்று, 'எனக்கு மட்டும் இல்லை' என்ற உணர்வு. இன்னொன்று, 'இதிலிருந்து மீளலாம்' என்ற நம்பிக்கை.

முதலாவதைப் பற்றி யாலம் ஒரு பயிற்சியை எழுதியிருக்கிறார். நோயாளிகள் அல்லாத, நன்றாகப் படித்து வேலையில் இருப்பவர்களின் குழுக்களில், பெயர் போடாமல் ஒரு துண்டுச்சீட்டில் எழுதச் சொல்வார். இந்தக் குழுவில் எதைச் சொல்ல உங்களுக்கு மனமே வராதோ, அதை எழுத வேண்டும். சீட்டுகளைப் பிரித்தால் ஒன்றுபோலவே இருக்குமாம். அதிகமாக வந்தது 'நான் உள்ளுக்குள் உதவாக்கரை, வெளியே சமாளிக்கிறேன்' என்கிற நினைப்பு. அடுத்தது, யாரிடமும் உண்மையாக ஒட்ட முடியவில்லை என்பது. அதற்கடுத்து பாலுறவு சார்ந்த ஏதோ ஒரு ரகசியம். ஒவ்வொருவரும் தனக்கே உரியது என்று பூட்டி வைத்திருந்தது பக்கத்து நாற்காலியிலும் இருந்தது.

ஆனால் அது மற்றவர் கையெழுத்தில் வந்தபோதுதான் வேலை செய்தது. 'எல்லாருக்கும் இப்படித்தான்' என்று யாலம் மேடையேறிச் சொல்லியிருந்தால் அது ஒரு தகவலாக நின்றிருக்கும். எங்கள் குழுவில் நடந்ததும் அதுதான். நடத்துபவர் வாயிலிருந்து வந்த 'எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான்' என்ற பேச்சு, அந்தப் பெண்ணின் காதில் 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று விழுந்திருக்கிறது. அவர் வீட்டுப் பெரியவர்களும் இத்தனை வருடமாக இதே வார்த்தைகளைத்தானே சொல்லியிருப்பார்கள்!

அடுத்த செவ்வாய் நான் உடன் இருந்தேன். போன வாரம் அவர் சொன்னதை அங்கேயே விட்டுவிட்டோம், இன்று தொடரலாமா என்று முதலில் அவரிடம் கேட்டேன். சரி என்றார். பிறகு வட்டத்தைப் பார்த்து, "இவங்க சொன்ன மாதிரி வேலை இடத்துக்குப் போன் போட்டவங்க இங்க இருக்கீங்களா? என்ன சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். முக்கால் நிமிடம் யாரும் பேசவில்லை. பக்கத்திலிருந்த என் மாணவி நாற்காலியில் நெளிந்தாள். பிறகு, பூக்கடை வைத்திருக்கும் ஒரு அக்கா தொண்டையைச் செருமினார். "எங்க மாமனார் செத்து ஆறு வருஷமாச்சு. அதுக்கப்புறமும் லீவு கேக்க ரெண்டு தடவை அவரைச் சாகடிச்சிருக்கேன்." வட்டமே சிரித்தது. தையல்காரப் பெண் சிரித்துக்கொண்டே அழுதார். உடனே அந்த அக்காவிடம், "அப்புறம் எப்படிக்கா நிறுத்துனீங்க?" என்றார்.

இரண்டாவது காரணிக்குக் கதவு திறந்தது அந்தக் கேள்வியில்தான். 'எனக்கு மட்டும் இல்லை' என்பது சுமையைப் பங்கு போடும், வழி காட்டாது. அதோடு நின்றுவிட்டால் குழு ஒன்றாகச் சேர்ந்து ஒப்பாரி வைக்கும் இடமாகிவிடும். வழி, கொஞ்சம் முன்னால் போனவரிடமிருந்து வர வேண்டும். இதை நூறு வருடங்களுக்கு முன்பே, உளவியலோடு தொடர்பில்லாத ஒருவர் கண்டார். பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஜோசப் பிராட், 1905-இல் ஏழைக் காசநோயாளிகளை வாரம் ஒருமுறை ஒன்றாக உட்கார வைத்தார். ஓய்வு, சாப்பாடு, சுத்தமான காற்று பற்றி எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் நேரம் மிச்சமாகும் என்பதே அவர் கணக்கு. நோயாளிகள் தினமும் குறிப்பெழுதி எடுத்துவந்தார்கள், எடை பார்க்கப்பட்டது. எடை கூடியவரைக் கண்ணால் பார்ப்பது புதிதாக வந்தவருக்கு மருத்துவரின் பேச்சைவிடப் பெரிய தெம்பாக இருந்தது.

இதனால்தான் எங்கள் குழுவை எல்லோரும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிக்கும்படி வைக்கவில்லை. முதல் வாரத்தவரும் ஆறாவது மாதத்தவரும் ஒரே வட்டத்தில் இருக்கிறார்கள். இதில் ஒரு கவனம் தேவை. கணவர் பத்து வருடமாகக் குடிக்கவில்லை என்று ஒருவரை அழைத்துவந்து பேச வைத்தால், புதியவருக்கு அது சினிமா. 'அவங்களால முடிஞ்சது, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை' என்று உள்ளே சுருங்குவார். இரண்டு படி மேலே நிற்பவர் போதும். அன்று பூக்கடை அக்கா சொன்னதும் சின்ன விஷயம்தான். "நிறுத்தறதுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. முதல்ல போனை அவர் கையில குடுத்து நீங்களே பேசுங்கன்னேன். அன்னிக்கு வீட்ல ஒரே சத்தம். ரெண்டாவது தடவை அவரே பேசினாரு." கணவர் இன்னும் குடிக்கிறார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவருக்குக் கிடைத்தது, இனி பொய் சொல்ல வேண்டாம் என்கிற நிம்மதி.

'அன்னிக்கு வீட்ல ஒரே சத்தம்' என்ற இடத்தில் நான் தையல்காரப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அமர்வு முடிந்ததும் தனியாக அழைத்து, வீட்டில் அடி விழுகிறதா என்று கேட்டேன். ஒருவருக்குச் சரியாக வந்த வழி இன்னொருவர் வீட்டில் ஆபத்தாகலாம். அடி உதை இருக்கும் வீட்டில் முதல் வேலை பாதுகாப்பு. அதைத் தனி ஆலோசனையில்தான் பேச வேண்டும், குழுவின் உற்சாகத்துக்கு விட்டுவிடக் கூடாது. அடி இல்லை என்று அவர் சொன்ன பிறகும், அந்த வாரமே தனியாக ஒருமுறை சந்திக்க நேரம் குறித்தோம்.

குழு சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும் என்று மாணவி கேட்டாள். கண்களைப் பார் என்றேன். பேசுகிறவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் நடத்துபவரைப் பார்த்தே முடித்தால், அங்கே ஒரு வட்டத்துக்குள் எட்டுத் தனி ஆலோசனைகள் நடக்கின்றன. யாராவது 'எல்லாம் தலையெழுத்து' என்று சொல்லி மற்றவர்களும் ஆமாம் போட்டால், ஒற்றுமை போலத் தோன்றினாலும் பேச்சு அங்கே அடைபடுகிறது. அப்போது, "உங்க வீட்ல அது எப்படி இருக்கு?" என்று ஒருவரிடம் குறிப்பாகக் கேட்க வேண்டும். வீட்டுக்கு வீடு வேறுபாடு வெளியே வரும்.

நான்கு வாரம் கழித்து அவளே மறுபடியும் நடத்தினாள். புதிதாக வந்த ஒரு அம்மா, மகன் திருடிவிடுவான் என்று தாலிச் செயினை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருப்பதைச் சொல்லி முகத்தை மூடிக்கொண்டார். மாணவியின் உதடு அசைந்தது. பேசாமல், நோட்டை மடியில் கவிழ்த்துவிட்டு வட்டத்தை ஒருமுறை பார்த்தாள். தையல்காரப் பெண் நாற்காலியைச் சற்றுத் திருப்பிக்கொண்டு, "எங்க வீட்ல மிஷினுக்கு அடியிலம்மா" என்று தொடங்கினார்.