ஜனவரியில் பிறந்தவர்களின் அணி

1980களில் கனடாவின் லெத்பிரிட்ஜ் நகரில் ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டம். உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியோடு வந்திருந்த அவர் மனைவி பவுலா, வீரர்கள் பட்டியலைப் புரட்டினார். பிறந்த தேதிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்தான் திரும்பத் திரும்ப வந்தன.

ஜாதகக் கணக்கெல்லாம் இல்லை. அங்கே வயதுப் பிரிவுக்கான கணக்கு ஜனவரி 1இல் தொடங்கும். ஜனவரி 2இல் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பர் 30இல் பிறந்தவனும் ஒரே பிரிவு. எட்டு வயதில் ஏறக்குறைய ஓராண்டு என்பது வாழ்நாளில் எட்டில் ஒரு பங்கு. உயரம், எடை, சொன்னதைக் கேட்டு நிற்கும் பொறுமை எல்லாமே மாறும். பயிற்சியாளர் மூத்தவனைத் திறமைசாலி என்று தேர்ந்தெடுக்கிறார். அவனுக்கு நல்ல பயிற்சியும் கூடுதல் ஆட்டங்களும் கிடைக்கின்றன. சில ஆண்டுகளில் அவன் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுகிறான்!

பெல்ஜியம் கால்பந்தில் 1997இல் கணக்குத் தேதியை ஆகஸ்டிலிருந்து ஜனவரிக்கு மாற்றினார்கள். சாதகமான மாதங்களும் கூடவே நகர்ந்தன.

வகுப்பறையிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் செப்டம்பர் 1 எல்லை. ஆகஸ்டில் பிறந்த குழந்தைகள் ஆரம்ப வகுப்புகளில் சராசரியாகப் பின்தங்குகிறார்கள். வளர வளர இடைவெளி சுருங்கும். பதினாறு வயதிலும் முழுதாக மறைவதில்லை. இது சராசரிதான், தனிப்பிள்ளையின் தலைவிதி அல்ல.

நெதர்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். தேர்வாளர்களிடம் பிறந்த தேதியைச் சொல்லிப் பார்த்தும் சாய்வு போகவில்லை. சட்டை எண்களை வயது வரிசையில் கொடுத்ததும் போய்விட்டது.